தொழிற்சாலை முப்பரிமாண மாதிரியில் சரிவுக் குழாய்த்தடம்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியின் நீராவிக் குழாயை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்சாலைகளின் குழாய்கள் இன்று கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கப்பட்ட பின்னரே களத்தில் பொருத்தப்படுகின்றன. மட்டமாகச் செல்லும் குழாய்க்குத் தடம் அமைப்பது எளிது. சரிவோடு செல்ல வேண்டிய குழாய்க்கோ உயரம், இணைப்புறுப்புகள், இடைவெளி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைப் பகுதிகளில் கொதிகலனைப் பயன்படுத்தும் ஆலைகளில் அமையக்கூடிய ஓர் ஆறு அங்குல நீராவிக் குழாயை மாதிரிக் கணக்காக எடுத்துக்கொண்டு, இம்மூன்றுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை விளக்குகிறது. குளிர்நிலையில் குறையற்றதாகத் தோன்றும் மாதிரி, குழாய் சூடேறியபின் எவ்வாறு பிழையாகிறது என்பதும் காட்டப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: நீராவிக் குழாய், சரிவு, வடிநீர், இணைப்புறுப்பு, விரிவு வளையம், இடைவெளிச் சரிபார்ப்பு, கும்மிடிப்பூண்டி.

1. முன்னுரை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆந்திர எல்லைக்கு அருகில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. அதன் மேற்கே தேர்வாய் கண்டிகை வளாகமும், தெற்கே கடற்கரையை ஒட்டி அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் உள்ளன. வேதிப்பொருள், ரப்பர், உணவுப் பொருள் போன்றவற்றைச் செய்யும் ஆலைகளில் கொதிகலன் ஓரிடத்திலும் நீராவியைப் பயன்படுத்தும் கூடம் வேறோரிடத்திலும் இருப்பது வழக்கம். இவ்விரண்டையும் இணைக்கும் குழாய், பைப் ரேக் எனப்படும் தாங்கு சட்டகத்தின் மேல் பிற குழாய்களோடு சேர்ந்து செல்கிறது.

இக்குழாய் மட்டமாக இருத்தல் ஆகாது. வெப்பக்காப்பு எவ்வளவு நன்றாக இருப்பினும் நீராவியின் ஒரு பகுதி குளிர்ந்து நீராகிக் குழாயின் அடியில் ஓடும். அந்த வடிநீர் வெளியேற வழியின்றித் தேங்கினால், விநாடிக்கு 25 மீட்டர் அளவிலான வேகத்தில் செல்லும் நீராவி அதை அலையாக எழுப்பி, குழாயை அடைக்கும் நீர்த்திரளாக்கி, அடுத்த வளைவிலோ வால்விலோ மோதச் செய்யும். இதுவே வாட்டர் ஹேமர் என்று தொழிற்களத்தில் வழங்கும் நீர்த்தாக்கு. தேங்கிய குளிர்ந்த நீருக்குள் நீராவிக் குமிழ் சிக்கி நொடியில் சுருங்கும்போது தாக்கு இன்னும் கடுமையாகிறது.

நியூயார்க் நகரில் 2007ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று லெக்சிங்டன் அவென்யூவில், 1924இல் பதிக்கப்பட்ட நீராவிக் குழாய் வெடித்ததற்குக் காரணம் இவ்வகைத் தாக்கே. பெருமழை நீர் குழாயைச் சூழ்ந்து குளிர்வித்ததால் உள்ளே வடிநீர் பெருகியது. அதை வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் டிராப்புகள் அடைபட்டிருந்தன. வடகிழக்குப் பருவமழையை நேரடியாகப் பெறும் திருவள்ளூர்க் கடலோரத்துக்கும் இந்நிகழ்வு பொருத்தமுடையது. தகட்டு உறை பிரிந்து வெப்பக்காப்பு நனைந்தால், தரைக்கு மேல் செல்லும் குழாயிலும் வடிநீர் பன்மடங்காகும்.

எனவே, நீராவிக் குழாய் ஓட்டத்தின் திசையில் தாழ்ந்து செல்ல வேண்டும்; வடிநீர் சேரும் தாழ்விடத்தில் வெளியேற்றும் அமைப்பு இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிய இவ்விதியை மாதிரியில் நிறைவேற்றும்போது எழும் சிக்கல்களே இக்கட்டுரையின் பொருள்.

2. எடுத்துக்கொண்ட குழாய்

கொதிகலன் கூடத்திலிருந்து உற்பத்திக் கூடம் வரை சட்டகத்தின் மேல் 112 மீட்டர் செல்லும் ஆறு அங்குலக் கார்பன் எஃகுக் குழாய் ஒன்றைக் கொள்வோம். இது குறிப்பிட்ட ஓர் ஆலைக்குரியதன்று. விளக்கத்திற்காக அமைத்த மாதிரிக் கணக்கு. குழாயின் வெளிவிட்டம் 168.3 மி.மீ.; சுவர்த் தடிமன் 7.11 மி.மீ.; வெப்பக்காப்பு 75 மி.மீ. உள்ளே செல்வது 10 பார் அளவழுத்தமுள்ள நிறைவுற்ற நீராவி. அதன் வெப்பநிலை 184 பாகை செல்சியஸ். சட்டகத்தில் 6 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு உத்திரங்கள் உள்ளன. மேலடுக்கின் உத்திரம் 2000 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதன் ஆழம் 300 மி.மீ. ஆதலால் இரு அடுக்குகளுக்கிடையே பயன்படும் உயரம் 1700 மி.மீ. மட்டுமே.

இத்தகைய குழாய் சட்டத்தின் பார்வையில் கொதிகலனின் நீட்சியாகும். 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளின்படி அதன் வரைபடம் மாநிலக் கொதிகலன்கள் இயக்ககத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதலுக்குப் பின் தடத்தை மாற்றினால் வரைபடத்தையும் மாற்றி மீண்டும் அளிக்க நேரும். களத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்னும் நிலை இங்கே இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம். சரிவு மாதிரியிலேயே முடிவாக வேண்டும்.

3. எவ்வளவு சரிவு?

நீராவி முதன்மைக் குழாய்க்கு ஓட்டத்தின் திசையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது மீட்டருக்கு 10 மி.மீ. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் சரிவு. நீர் வடிவதற்கு ஐந்நூற்றுக்கு ஒன்றுகூடப் போதுமே என்று தோன்றலாம். குழாய் வளையாத கோடாக இருந்திருப்பின் அது உண்மை. ஆனால் இரு தாங்கிகளுக்கு இடையே குழாய் தன் எடையால் தொய்கிறது. காப்போடு சேர்த்து மீட்டருக்கு 40 கிலோ எனக் கொண்டு, ஒவ்வொரு 6 மீட்டர் இடைவெளியையும் தனி உத்திரமாகக் கணக்கிட்டால் நடுவில் தொய்வு ஏறத்தாழ 3 மி.மீ. வரும். தாங்கியின் அருகே அத்தொய்வு உண்டாக்கும் சாய்வு ஏறத்தாழ 630க்கு ஒன்று. குழாயின் சரிவு இதைவிட மிகுதியாக இருந்தால்தான் தொய்வின் அடியில் நீர் தேங்காது.

இடைவெளி 9 மீட்டரானால் நிலைமை முற்றிலும் மாறும். அச்சாய்வு நீளத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்வதால் 187க்கு ஒன்றாகிவிடும். அப்போது ஐந்நூற்றுக்கு ஒன்று என அமைத்த குழாய், வரைபடத்தில் சரிந்தும் களத்தில் ஒவ்வோர் இடைவெளியிலும் குழிந்தும் இருக்கும். நூற்றுக்கு ஒன்று எனில் 9 மீட்டரிலும் நீர் வடியும்.

பொருத்துநரின் கருவியும் கருதத்தக்கது. ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தில் 10 மி.மீ. தாழ்வு ஐயமின்றித் தெரியும்; 2 மி.மீ. தாழ்வு உத்திரத்தின் பொருத்தல் பிழையிலேயே மறைந்துவிடும்.

4. உயரக் கணக்கு

நூற்றுக்கு ஒன்று எனும் சரிவை 112 மீட்டருக்கும் தொடர்ந்து கொடுத்தால் 1120 மி.மீ. தாழ்வு வேண்டும். வெப்ப விரிவுக்கான வளையங்களின் பக்கவாட்டு நீளத்தையும் சேர்த்தால் அது மேலும் வளரும். மாறாத உயரமுள்ள சட்டகத்தில் இவ்வளவு தாழ்வுக்கு இடமில்லை. ஆகவே குழாயை 36 மீட்டர் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் 360 மி.மீ. தாழ்ந்தபின் மீண்டும் பழைய உயரத்திற்கு ஏற்றுவது வழக்கம். பக்கவாட்டில் நோக்கினால் இது ரம்பப் பல்லைப் போலிருக்கும். 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு வடிகால் வேண்டும் என்னும் நடைமுறையோடும் 36 மீட்டர் பொருந்துகிறது.

மாதிரியில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது எந்த முனையை நிலையாகக் கொள்வது என்பதாகும். குழாயை மட்டமாக வரைந்துவிட்டுக் கடைசியில் சரிவைச் சேர்க்கும் வசதியை மென்பொருள்கள் தருகின்றன. மேல்முனையை நிலையாகக் கொண்டு அவ்வாறு செய்தால் கீழ்முனை 360 மி.மீ. இறங்கி உத்திரத்துக்குள் புகுந்துவிடும். தாழ்முனையை நிலையாகக் கொள்வதே முறை. அங்கே குழாயின் அடி, உத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து காப்புக்கு இடம்விட்டு 100 மி.மீ. உயரத்தில் ஷூ எனும் தாங்கியின்மேல் அமரும். அடுத்தடுத்த உத்திரங்களில் ஷூவின் உயரம் 160, 220, 280, 340, 400, 460 மி.மீ. என வளரும். உயரமான தாங்கிகள் பக்கவாட்டில் ஆடக்கூடியவை என்பதால் அவற்றிற்குத் தனி வடிவமைப்பு வேண்டும். ஏழு தாங்கிகளுக்கும் ஒரே அளவு ஷூவைக் குறிப்பது, சரிவு மாதிரியில் இருந்தும் களத்தில் இல்லாமற்போவதற்கான பொதுவான வழியாகும்.

5. இணைப்புறுப்புகள் இடும் கட்டுப்பாடு

360 மி.மீ. தாழ்ந்த குழாயை 360 மி.மீ. ஏற்ற வேண்டும். இரண்டு எல்போக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆறு அங்குல நீள் ஆரை எல்போவின் மையத்திலிருந்து முகம்வரை 229 மி.மீ. இரண்டைச் சேர்த்து வெல்டு செய்தாலே ஏற்றம் 458 மி.மீ. ஆகிவிடும். அதற்குக் குறைந்த ஏற்றம் 90 பாகை எல்போக்களால் இயலாது. சரிவைக் கோட்டளவில் திட்டமிட்டு உறுப்புகளைப் பின்னர் சேர்க்கும் முறை இங்குதான் முதலில் உடைகிறது.

இதற்கு நல்ல தீர்வு, ஏற்றத்தையும் விரிவு வளையத்தையும் ஒன்றாக்குவது. 30 பாகையில் பொருத்தப்பட்ட எஃகுக் குழாய் 184 பாகைக்குச் சூடேறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 1.85 மி.மீ. நீளும். ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் நிலைப்பிடி வைத்து, இரு நிலைப்பிடிகளுக்கு இடையே 38 மீட்டர் எனக் கொண்டால் நீட்சி 70 மி.மீ. இதை ஏற்கச் சட்டகத்தின் குறுக்கே 4.5 மீட்டர் சென்று, 2 மீட்டர் முன்னேறி, 4.5 மீட்டர் திரும்பும் வளையம் தொடக்க மதிப்பீடாகப் போதுமானது. இறுதி அளவை அழுத்தப் பகுப்பாய்வு உறுதிசெய்ய வேண்டும். வளையம் அண்டைக் குழாய்களைக் கடப்பதற்கு மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறிய குழாய், வளையம் முடிந்ததும் இறங்கும். ஏறியதைவிட 360 மி.மீ. குறைவாக இறங்கினால் இழந்த உயரம் மீண்டுவிடும்.

இறக்கத்தில் இரண்டு எல்போக்களும், வெல்டுகள் நெருங்காதிருக்க ஏறத்தாழ 100 மி.மீ. நேர்க்குழாயும் வேண்டும் என்பதால் அதன் உயரம் 560 மி.மீ. வளையத்தின் 11 மீட்டர் நீளமும் சரிந்தே செல்ல வேண்டும். அதற்கு 110 மி.மீ. இவற்றைக் கூட்டினால் ஏற்றம் கிடைக்கும்.

```
h = L × i        = 36000 × 0.01      = 360
p = Lp × i       = 11000 × 0.01      = 110
R = h + p + d    = 360 + 110 + 560   = 1030 mm
```

இங்கு `h` என்பது ஒரு பகுதியின் தாழ்வு, `p` வளையத்தின் தாழ்வு, `d` இறக்கம், `R` ஏற்றம், `i` சரிவு.

ஏற்றத்தின் அடியில் எந்த உறுப்பை வைப்பது என்பது அடுத்த கேள்வி. அங்குதான் வடிநீர் சேரும் பை அமைய வேண்டும். ஏற்றத்திற்குச் சற்று முன்னால் ஒரு டீயைக் கீழ்நோக்கி வைத்து, அடுத்து எல்போவால் மேலே திரும்புவது பலர் மாதிரியில் செய்வது. டீயின் மையத்திலிருந்து எல்போவின் மையம்வரை உறுப்புகளும் இடைக்குழாயும் சேர்ந்து ஏறத்தாழ 470 மி.மீ. ஆகும். அந்த நீளத்திலும் குழாய் சரிவதால் எல்போவின் அடி டீயைவிட 5 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்து, பையைத் தாண்டிய நீர் அங்கே தேங்கும். நீராவி மேலேறும் இடத்திலேயே நீர் தேங்குவது மிகத் தீயது. எல்போவை நீக்கி ஏற்றத்தின் அடியிலேயே டீயை வைத்து, நீராவி அதன் கிளைவழியே நுழைந்து மேலே செல்லவும், நீர் நேர்கீழே பையில் விழவும் செய்தால் இக்குறை நீங்கும். உறுப்புகளின் எண்ணிக்கையும் ஒன்று குறைகிறது.

மற்றொரு சிக்கல் கோணம். நூற்றுக்கு ஒன்று சரிந்த குழாய் செங்குத்துக் குழாயோடு சேரும் இடத்தில் கோணம் 90 பாகையன்று, ஏறத்தாழ 0.57 பாகை கூடவோ குறையவோ இருக்கும். மாதிரி மென்பொருள் இதைக் கோண முரண் என்று அறிவிக்கலாம், அல்லது எல்போவை 89.43 பாகைக்கு வெட்டியதாகத் தானே மாற்றிக்கொள்ளலாம். களத்தில் எது நடக்கும்? ஆறு அங்குலக் குழாயின் முகத்தில் இக்கோணம் உண்டாக்கும் வேறுபாடு 1.7 மி.மீ. எல்போவின் செய்ம்முறைத் தரமே அவ்வளவு விட்டத்திற்கு 2 மி.மீ. கோணப் பிழையை ஏற்கிறது. ஆகவே வெட்டத் தேவையில்லை. வெல்டு இடைவெளியில் சரிசெய்துகொள்ளலாம். சரிவு ஐம்பதுக்கு ஒன்றானால் வேறுபாடு 3.4 மி.மீ. ஆகி அவ்வரம்பைக் கடக்கும். அப்போது எல்போவை வெட்டிச் சீர்செய்வதை வரைபடத்திலேயே குறிப்பிட வேண்டும்.

உற்பத்திக் கூடத்தின் அருகே குழாய் நான்கு அங்குலமாகக் குறைகிறது எனில், அங்கு மையம் ஒத்த ரெடியூசரை வைத்தல் கூடாது. இரு குழாய்களின் வெளிவிட்ட வேறுபாட்டில் பாதியான 27 மி.மீ. உயரத்திற்கு அது அணைபோல் நிற்கும். நூற்றுக்கு ஒன்று சரிவில் 27 மி.மீ. அணை 2.7 மீட்டர் நீளத்திற்கு நீரைத் தேக்கும். அடி மட்டமான மையம் விலகிய ரெடியூசரே வேண்டும். மாதிரியில் மையக்கோடு அவ்விடத்தில் 27 மி.மீ. குதித்து இறங்குவது பிழைபோல் தோன்றினும் அதுவே சரி. சரிவுக் குழாயில் தொடர்ச்சியாக இருக்க வேண்டியது அடிக்கோடே, மையக்கோடன்று.

6. இடைவெளிச் சரிபார்ப்பு

தடம் அமைந்தபின் மாதிரியில் மோதல் சோதிக்கப்படுகிறது. இரு திடப்பொருள்கள் ஒரே இடத்தை அடைத்துக்கொள்வது நேர்மோதல். இதை மென்பொருள் தவறாமல் கண்டுபிடிக்கும். வெப்பக்காப்பு, வால்வின் கைப்பிடி சுழலும் இடம், ஆள் நின்று பணிசெய்யும் இடம் ஆகியவற்றில் பிற பொருள் நுழைவது இரண்டாம் வகை; அவ்விடங்களை மாதிரியில் வரையறுத்திருந்தால் மட்டுமே இது அகப்படும். குழாய் சூடேறி நகர்ந்தபின் நிகழும் மோதல் மூன்றாம் வகை. இயல்பான சோதனையில் இது தெரியாது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். தாழ்முனையில் குழாயின் மையம் உத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து 184 மி.மீ. உயரத்தில் உள்ளது. 1030 மி.மீ. ஏறியபின் மையம் 1214 மி.மீ. அரைவிட்டமும் காப்பும் சேர்ந்து 159 மி.மீ. ஆகையால் வளையத்தின் மேல்விளிம்பு 1373 மி.மீ. மேலடுக்கின் அடி 1700 மி.மீ. ஆதலால் 327 மி.மீ. எஞ்சுகிறது. இனிக் கீழே: வளையம் முடியும் இடத்தில் காப்பின் அடி 945 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதன்கீழ் உத்திரத்தின்மேல் நேரடியாகக் கிடக்கும் எட்டு அங்குலக் குளிர்நீர்க் குழாயின் உச்சி 219 மி.மீ.; இடைவெளி 726 மி.மீ. குழாய்க்கு இது தாராளம். ஆனால் அக்குளிர்நீர்க் குழாயில் வளையத்தின் நேர்கீழே ஒரு வால்வு இருந்தால், அதன் தண்டு முழுவதும் திறந்த நிலையில் எவ்வளவு உயரும் என்பதைக் கொண்டே சோதிக்க வேண்டும். மாதிரியின் வால்வு மூடிய நிலையில் வரையப்பட்டிருக்கக் கூடும்.

சரிவை ஐம்பதுக்கு ஒன்றாக்கினால் வடிவது மேம்படும் என்று ஒருவர் கருதலாம். கணக்கு அதற்கு இடங்கொடாது. தாழ்வு 720, வளையத் தாழ்வு 220, இறக்கம் 560 எனச் சேர்ந்து ஏற்றம் 1500 மி.மீ. ஆகும்; வளையத்தின் மேல்விளிம்பு 1843 மி.மீ. அது மேலடுக்கு உத்திரத்தின் அடியை 143 மி.மீ. கடந்துவிடுகிறது. சரிவின் மேல்வரம்பை இச்சட்டகத்தில் தீர்மானிப்பது நீரின் ஓட்டமன்று, உத்திரங்களுக்கு இடையிலான உயரமே.

அடுத்தது வடிகால் பை. ஆறு அங்குல முதன்மைக் குழாய்க்கு நான்கு அங்குல விட்டமும் 150 மி.மீ. ஆழமும் உள்ள பை போதுமானதெனக் கொள்ளப்படுகிறது. டீயின் கீழ்ப்பாதி 143, ரெடியூசர் 140, பை 150, மூடி 64 எனச் சேர்ந்து மையத்திலிருந்து ஏறத்தாழ 500 மி.மீ. கீழே தொங்குகிறது. குழாய் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்திலேயே பையும் அமைவதால், அது உத்திரத்தின் மேற்பரப்புக்குக் கீழே 310 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடுகிறது. அதன் அடியில் கழிவு வால்வும், பக்கத்தில் ஸ்டீம் டிராப்பும் வர வேண்டும். எனவே பை உத்திரத்தின் நேர்மேலே அமைய இயலாது. ஊர்தி செல்லும் சாலைக்கு மேலும் அமைதல் ஆகாது. பகுதிகளை எங்கே பிரிப்பது என்பதை இவ்விரு தடைகளைக் கண்டபின்பே முடிவுசெய்ய வேண்டும்.

இனிச் சூடான நிலை. குளிர்நிலை மாதிரியில் பையின் காப்புக்கும் ஓட்டத்தின் திசையிலுள்ள உத்திரத்தின் விளிம்புக்கும் இடையே 30 மி.மீ. உள்ளது எனக் கொள்வோம். குறைந்த அளவு இடைவெளி 25 மி.மீ. என விதித்திருந்தால் சோதனை இதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பை, நிலைப்பிடியிலிருந்து 18 மீட்டர் தொலைவில் இருக்கிறது. குழாய் சூடேறியதும் அது வளையத்தை நோக்கி 33 மி.மீ. நகரும். காப்பு உத்திரத்தில் 3 மி.மீ. அழுந்தும். தகட்டு உறை நசுங்கிப் பிளந்து, அடுத்த பருவமழையில் நீர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு முறை கொதிகலனை நிறுத்தித் தொடங்கும்போதும் இது மீண்டும் நிகழும். நகர்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே 30 மி.மீ. இருந்திருப்பின் எத்தீங்கும் இல்லை. இடைவெளியின் அளவோடு அது எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். அழுத்தப் பகுப்பாய்வு தரும் நகர்வு அளவுகளின்படி நகர்த்திய குழாயை மாதிரியில் இரண்டாவதாக ஏற்றி, அதனோடு மோதலைச் சோதிப்பது இதற்கான முறை.

சூடான நிலை, சரிவையும் பாதிக்கலாம். உற்பத்திக் கூடத்தின் முனையில் குழாய் 4 மீட்டர் செங்குத்தாக இறங்கி, தரையருகே நிலைப்பிடியில் முடிகிறது எனில், அச்செங்குத்துக் குழாய் சூடேறி 7 மி.மீ. மேல்நோக்கி நீளும், சரிவின் கடைமுனை அவ்வளவு உயரும். கடைசி 6 மீட்டரில் 60 மி.மீ. ஆக இருந்த தாழ்வு 53 மி.மீ. ஆகும், கவலையில்லை. ஐந்நூற்றுக்கு ஒன்று சரிவாயின் 12 மி.மீ. தாழ்வு 5 மி.மீ. ஆகிவிடும். தாங்கியின் தொய்வையும் கணக்கில் கொண்டால் அங்கே சரிவு இல்லையென்றே கூற வேண்டும்.

7. பிழையை அறியும் வழி

சரிவுப் பிழையைக் கண்ணால் கண்டறிய இயலாது. நூற்றுக்கு ஒன்று என்பது திரையில் நேர்க்கோடாகவே தோன்றும். எதிர்த்திசையில் சரிந்தாலும் அப்படியே தோன்றும். நம்பத்தக்க வழி ஒன்றுண்டு. மாதிரியிலிருந்து ஒவ்வொரு தாங்கியிலும் குழாய் அடியின் உயரத்தைப் பட்டியலாக எடுத்து, ஓட்டத்தின் திசையில் அடுத்தடுத்த உயரங்களின் வேறுபாட்டைக் காண வேண்டும். ஒவ்வொரு 6 மீட்டருக்கும் 60 மி.மீ. குறைந்துகொண்டே வர வேண்டும். வேறுபாடு சுழியானால் அங்கே மட்டம். குறி மாறினால் அங்கே குழி. ஏற்றம் உள்ள இடங்களில் மட்டும் குறி மாறலாம். அவ்வொவ்வோரிடத்திலும் ஒரு வடிகால் பை இருக்கிறதா என்று எண்ணிப்பார்த்தால் போதும். ஏற்றங்களின் எண்ணிக்கையைவிடப் பைகள் குறைந்தால் மாதிரி முழுமையடையவில்லை.

இதே பட்டியலைக் களத்திற்குக் கொண்டுசென்று, குழாய் தாங்கியில் அமர்ந்தபின், காப்பு கட்டுவதற்கு முன், மட்டக் கருவியால் அளந்த உயரங்களை எதிரே எழுதலாம். காப்பு கட்டியபின் குழாயின் அடி மறைந்துவிடும். அதன்பின் பிழையை அறிவிப்பது சூடேற்றத் தொடங்கும்போது எழும் தட்டல் ஒலியே. 36 மீட்டர்ப் பகுதி ஒன்றின் எஃகைச் சூடேற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 38 கிலோ நீராவி நீராகிறது. குழாயின் உட்பரப்பு மீட்டருக்கு 18.6 லிட்டர் கொள்ளும் என்பதால், இந்நீர் ஓரிடத்தில் சேர்ந்தால் இரண்டு மீட்டர் நீளத்தை முழுமையாக அடைக்கும். நிறுத்தித் தொடங்கும் வேளைகளில் தட்டல் மிகுதியாகவும் சீரான ஓட்டத்தில் குறைவாகவும் கேட்பதன் காரணம் இதுவே.

தட்டல் எப்போதும் ஒரே இடத்தில் கேட்டு, அருகிலுள்ள ஸ்டீம் டிராப் நன்கு வேலைசெய்யுமாயின், குறை டிராப்பில் இல்லை. நீர் அதனிடம் வந்துசேரவில்லை என்று கொள்ள வேண்டும். அங்கே தாங்கியின் உயரத்தையும் ரெடியூசரின் வகையையும் ஆராய்வதே முறை.

8. முடிவுரை

எடுத்துக்கொண்ட குழாயில் சரிவு எனும் ஒற்றை எண் வேறு பல முடிவுகளைத் தீர்மானித்ததைக் காண முடிகிறது. தாங்கிகளுக்கிடையிலான தொய்வும் பொருத்தல் பிழையும் அதற்குக் கீழ்வரம்பு இட்டன. சட்டகத்தின் 1700 மி.மீ. உயரம் மேல்வரம்பு இட்டது. இவ்வரம்புகளுக்குள் எல்போவின் 229 மி.மீ. அளவு ஏற்றத்தின் வடிவத்தை மாற்றி, அதை விரிவு வளையத்தோடு இணைக்கச் செய்தது. வளையம் வந்ததால் நிலைப்பிடிகளின் இடமும், அதனால் வடிகால் பை நகரும் தொலைவும் திசையும் உறுதியாயின.

ஆகவே சரிவு, உறுப்பு, இடைவெளி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கட்டங்களில் சேர்க்கும் பணிமுறை இத்தகைய குழாய்க்குப் பொருந்துவதில்லை. தாழ்முனையை நிலையாகக் கொண்டு, உறுப்புகளின் உண்மை அளவுகளோடு உயரக் கணக்கை முதலில் எழுதிப் பார்த்து, அது சட்டகத்துள் அடங்கினால் மட்டுமே தடத்தை வரையத் தொடங்குவது தக்கது. அடங்காதபோது மாற்ற வேண்டியவை பகுதியின் நீளம், வளையத்தின் இடம், அடுக்கின் உயரம் ஆகியவையே. சரிவைக் குறைத்து இடர்ப்பாட்டைத் தீர்ப்பது, திரையில் மறைந்த நீரைக் குழாயினுள் தேக்குவதாகவே முடியும்.